வாங்க வைக்கும் பேச்சை விளக்கும் பேச்சாக மாற்றியது: ஒரு வாட்டர் பியூரிஃபையர் ஸ்கிரிப்ட்டின் கதை

சென்னையின் தெற்குப் புறநகரில் வாட்டர் பியூரிஃபையர் விற்கும் ஒரு டீலர். குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மெண்ட்டின் பொது அறையில் பதினைந்து நிமிடம் பேசி, டெமோ காட்டி, அங்கேயே ஆர்டர் எடுப்பதுதான் அவருடைய முக்கிய வியாபார வழி. அவருக்குப் புக்கிங் குறையவில்லை. ஆனால் ஞாயிறு புக் செய்தவர்களில் பலர் திங்கள், செவ்வாயில் போன் செய்து கேன்சல் செய்தார்கள். அதோடு, ஒருமுறை பேசிய அபார்ட்மெண்ட்டில் மறுமுறை அனுமதி கிடைக்கவில்லை. "ஆளுங்க நல்லாத்தான் பேசறாங்க, ஆனா ஜனங்களுக்கு ஒரு எரிச்சல் வந்துடுது. ஸ்கிரிப்ட்டைக் கொஞ்சம் மென்மையாக்கிக் குடுங்க" என்று என்னிடம் வந்தார்.

மென்மையாக்கும் வேலையை அவருடைய ஆட்களே ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். "உடனே வாங்குங்க" என்ற இடத்தில் "வாங்கினா நல்லது" என்றும், "விஷம்" என்ற இடத்தில் "கெடுதல்" என்றும் மாற்றியிருந்தார்கள். எரிச்சல் குறையவில்லை. பழைய ஸ்கிரிப்ட்டின் ஓட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

"வணக்கம் சார், வணக்கம் மேடம். நீங்க தினமும் குடிக்கிற தண்ணியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? இப்ப உங்க கண்ணாலேயே பாருங்க" என்று ஆரம்பம். உடனே இரண்டு கண்ணாடி டம்ளர்: ஒன்றில் அந்த அபார்ட்மெண்ட்டின் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் சொருகுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சகதி மாதிரி திரளும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். "இதைப் பார்த்த பிறகும் இந்தத் தண்ணியையே குழந்தைக்குக் குடுப்பீங்களா, மேடம்?" என்று முன்வரிசையில் இருக்கும் ஒரு தாயைப் பார்த்துக் கேள்வி. அப்புறம் ஏழு அடுக்குச் சுத்திகரிப்பு, "அமிர்தம் மாதிரி தண்ணி", "100 சதவீதம் தூய்மை". கடைசியில், "இன்னைக்கு மதியம் வரைக்கும்தான் இந்த ரேட். மூணு மெஷின்தான் கையில இருக்கு. யார் பேர் எழுதட்டும்?"

இதில் எந்தச் சொல்லை மாற்றினாலும் கேட்பவருக்கு வரும் உணர்வு மாறாது. முதலில் பயம், பிறகு கூட்டத்தின் நடுவில் ஒரே பதில்தான் சொல்ல முடிகிற ஒரு கேள்வி, பிறகு யோசிக்க நேரம் இல்லை என்ற அறிவிப்பு. அழுத்தம் அந்த வரிசையில்தான் இருந்தது. எனவே சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரு குறி போட்டோம். கேட்பவர் தானே சரிபார்க்க முடிகிற தகவல் என்றால் டிக். சரிபார்க்க வழியே இல்லாமல் அவரை ஒரு பக்கம் தள்ளுகிற வாக்கியம் என்றால் பெருக்கல் குறி. முதல் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி. இரண்டாம் பக்கத்தில், விலையும் வாரண்டியும் சொன்ன இடத்தில் மட்டும் டிக் விழுந்தது.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை அந்தப் பழுப்புத் தண்ணீர் டெமோவை எடுப்பதில்தான். "அதுதான் சார் கூட்டத்தையே உக்கார வைக்குது" என்றார் டீலர். உண்மைதான். ஆனால் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியின் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன, மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. சந்தேகம் இருந்தால் அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை முக்கலாம். அதுவும் பழுப்பாகும். டீலரின் கடையிலேயே இதைச் செய்து காட்டினோம். பல வருடங்களாக அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த பையன்களுக்கே அது புதுச் செய்தி.

பொய் டெமோவை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும், இல்லையென்றால் கூட்டம் எழுந்து போய்விடும். அதற்கு டி.டி.எஸ். மீட்டர் போதும் என்று முடிவு செய்தோம். பேனா அளவு கருவி, தண்ணீரில் கரைந்துள்ள பொருட்களின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்த மக்களின் சொந்தத் தண்ணீரையே அளக்கலாம், யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்துத் திரும்ப அளந்து பார்க்கலாம்.

ஆனால் இந்த மீட்டரும் மிரட்டுவதற்கு நன்றாகவே பயன்படும். குழாய்த் தண்ணீரில் 340 காட்டி, அடுத்த டம்ளரில் 30 காட்டினால், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று கூட்டம் மூச்சை இழுக்கும். பேசுகிறவர் ஒரு வார்த்தை சொல்லாமலே மிரட்டல் முடிந்துவிடும். உண்மையில் 340 கவலைப்பட வேண்டிய எண்ணே இல்லை. அதனால் ஸ்கிரிப்ட்டில் ஒரு கண்டிப்பான வரிசை வைத்தோம்: அளவுகோலைச் சொல்லிவிட்டுத்தான் மீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

"இப்ப உங்க தண்ணியை அளக்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு நம்பரை மனசுல வெச்சுக்கோங்க. இந்தியக் குடிநீர்த் தரம் 500 வரைக்கும் சரின்னு சொல்லுது. வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் அனுமதிக்குது. இந்த மீட்டர் உப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். கிருமி இருக்கா, பூச்சிமருந்து இருக்கா, அதெல்லாம் இதுக்குத் தெரியாது. அதுக்கு லேப்லதான் குடுத்துப் பாக்கணும்."

ஐ.எஸ். 10500 என்ற தரத்தின் எண்கள் இவை. தரத்தின் பெயரைப் பேச்சில் சொல்லத் தேவையில்லை, கேட்டால் சொல்லலாம். மீட்டரால் முடியாததையும் மீட்டரை நீட்டும் முன்பே சொல்லிவிடுவது முக்கியம். பின்னால் சொன்னால் அது மழுப்பல் போலக் கேட்கும்.

முதலில் பேசிய அபார்ட்மெண்ட்டில் மூன்று டம்ளர் வைத்தார்கள். போர் தண்ணீர் 1180. லாரித் தண்ணீரும் போரும் கலந்து மேல்தொட்டியிலிருந்து வருவது 720. ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேன் தண்ணீர் 40. அளவுகோல் முன்பே தெரிந்திருந்ததால், பையன் எண்ணைப் படித்ததும் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப 720ன்னா 500ஐத் தாண்டுது, ஆனா ரொம்ப மோசம் இல்ல, அப்படித்தானே தம்பி?" என்று ஒரு பெரியவர் தானே சொல்லிக்கொண்டார். முடிவைக் கேட்பவரே எட்டுகிற இடம் இது. பழைய ஸ்கிரிப்ட்டில் அந்த முடிவைப் பேசுகிறவர் அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, பெரும்பாலான விற்பனைப் பேச்சில் இருக்கவே இருக்காத ஒரு பகுதி: யாருக்கு இது வேண்டாம். பையன்கள் மனப்பாடம் செய்தது இது:

"உங்க தண்ணி 500க்குக் கீழ இருந்தா ஆர்.ஓ. தேவைப்படாது. கிருமிக்காக மட்டும்னா யு.வி. மெஷின் போதும், இல்ல கொதிக்க வெச்சுக் குடிச்சாலும் போதும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணி குடுக்க, சாதாரணமா ரெண்டுலேர்ந்து மூணு லிட்டர் தண்ணியை வெளிய தள்ளும். அந்தத் தண்ணியைத் தரை துடைக்க, பாத்ரூம் கழுவ எடுத்துக்கலாம், ஆனா பக்கெட் வெச்சுப் பிடிக்கற வேலை உங்களுக்கு இருக்கு. ஃபில்டரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும், மெம்பரேனை ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும். அந்தச் செலவு இந்த ஷீட்ல தனியாப் போட்டிருக்கு."

டீலர் இங்கேதான் கையைத் தூக்கினார். "குறையை நாமளே சொன்னா எவன் வாங்குவான்?" நியாயமான பயம். ஆனால் 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க விதி கொண்டுவரும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டபோது, இந்த 500 என்ற எண் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் வீணாவதும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி. கூட்டத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அவர் எழுந்து கேட்டு, பையன் தடுமாறினால், அதுவரை பேசிய பதினைந்து நிமிடமும் போச்சு.

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வும் உண்டு. 1945இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்க ராணுவ வீரர்களிடம் வானொலிப் பேச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஜப்பானுடன் போர் இன்னும் நீண்ட நாள் நடக்கும் என்பது செய்தி. ஒரு வடிவத்தில் அந்தப் பக்கத்து வாதம் மட்டும், இன்னொன்றில் எதிர்ப்பக்க வாதமும் சேர்ந்து இருந்தது. முதலிலேயே மாற்றுக் கருத்து கொண்டவர்களிடமும், அதிகம் படித்தவர்களிடமும் இரண்டு பக்கமும் சொன்ன பேச்சு நன்றாக எடுபட்டது. ஏற்கெனவே அதே கருத்தில் இருந்தவர்களிடம் ஒரு பக்கப் பேச்சே போதுமானதாக இருந்தது. அதாவது, குறையையும் சொல்வது எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஞாயிறு காலை அபார்ட்மெண்ட் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சந்தேகத்தோடு வருகிற, படித்த ஆட்கள். அவர்களிடம் இது பொருந்தும். ஏற்கெனவே வாங்க முடிவு செய்து கடைக்கு வருகிறவரிடம் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை, கழிவுத் தண்ணீரையும் பராமரிப்புச் செலவையும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

சொல் மாற்றங்களை விரித்து எழுத அவ்வளவு இல்லை. "அமிர்தம்", "100 சதவீதம்", "டாக்டர்களே சொல்றாங்க" எல்லாம் போயின. "ஏழு அடுக்கு" மட்டும் தங்கியது, ஆனால் ஒவ்வொரு அடுக்கும் என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பையன்களுக்கு முதலில் அது தெரியவில்லை. மண், துருவைப் பிடிப்பது ஒன்று, குளோரின் வாடையை எடுக்கும் கார்பன் ஒன்று, உப்பை எடுக்கும் மெம்பரேன் ஒன்று என்று மூன்றை உறுதியாகச் சொன்னால் போதும் என்று விட்டோம்.

"குழந்தைக்கு இதையே குடுப்பீங்களா, மேடம்?" என்ற கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும்போது அந்தத் தாய்க்கு இருப்பது இரண்டே வழி. "மாட்டேன்" என்றால் வாங்கப் போகிறவர், "குடுப்பேன்" என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அக்கறை இல்லாத அம்மா. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படி வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைப்பதைத் தவறான உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்த நெறிகள் முக்கியமாக இணையத் தளங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நேரில் நின்று செய்தால் கூச்சம் இன்னும் கூடுதல், திரையை மூடிவிட்டுப் போவது மாதிரி எழுந்து போக முடியாதே.

அந்தக் கேள்விக்குப் பதிலாக "இங்க யார் வீட்ல சமையலுக்கும் கேன் தண்ணி வாங்கறீங்க?" என்று வைத்தோம். இதற்குக் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் யாருக்கும் வெட்கமில்லை. பேசுகிறவருக்கும் உபயோகமான தகவல் கிடைக்கிறது: கேனுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் யார் என்று தெரிந்துவிடும். ஒரு கேள்வி அழுத்தமா இல்லையா என்று சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு பதிலையும் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு பதிலைச் சொல்லும்போது முகம் சுருங்கினால் கேள்வியை எடுத்துவிடலாம்.

முடிவுப் பகுதியில் "மூணு மெஷின்தான்" பொய் என்பது எல்லோருக்கும் தெரியும், டீலருக்கும். அதை எடுப்பதில் தகராறு இல்லை. தள்ளுபடி வேறு விஷயம், ஏனென்றால் அது நிஜம். கம்பெனி மாதக் கடைசி வரை தருகிற தள்ளுபடியைச் சொல்லாமல் மறைத்தால் அதுவும் வாங்குகிறவருக்கு நஷ்டம்தான். அதனால் அதைத் தேதியோடும் தொகையோடும் சொன்னோம்: "இந்த விலை 30ஆம் தேதி வரைக்கும். அதுக்கு மேல பழைய விலை, ரெண்டும் ஷீட்ல இருக்கு. வீட்ல பேசிட்டு, வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. இன்னைக்கே முடிவு பண்ண வேண்டாம்." நிஜமான கெடுவைத் தேதியோடு சொன்னால் அது தகவல். "மதியம் வரைக்கும்" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை போனிலும் அதே விலையைக் கொடுத்ததுதான் முன்பு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கேன்சல் செய்தவர்களில் சிலர் பக்கத்து பிளாக்கில் விசாரித்து இதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஸ்கிரிப்ட்டுக்கு வெளியே இரண்டு மாற்றங்கள் செய்யவேண்டி வந்தது. முன்பு உட்காரும்போதே கையில் ஆர்டர் ஃபாரமும் பேனாவும் கொடுப்பார்கள். அதைக் கதவோரத்து மேஜைக்கு மாற்றினோம், கையில் செலவு ஷீட் மட்டும். பேச்சு முடிந்ததும் இரண்டு பையன்கள் வாசலில் நின்று "சார், உங்க டோர் நம்பர்?" என்று கேட்பதும் நின்றது. வாயால் "அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றால் யார் நம்புவார்கள்?

முதல் ஒத்திகை சொதப்பியது. அழுத்தம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, பையன் வேதியியல் வகுப்பே எடுத்துவிட்டான். கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் என்று போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு தகவல் கொட்டினால் கேட்பவருக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது, களைப்பில் "சரி, நீயே சொல்லு" என்று விட்டுவிடுவார். அது வேறு பெயரில் பழைய அழுத்தமேதான். 500 என்ற எண், வீணாகும் தண்ணீர், வருடச் செலவு, இந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை என்று பிரித்துவைத்தோம்.

இரண்டாவது தடங்கல் கூட்டத்திலிருந்தே வந்தது. "இதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எங்க வீட்டுக்கு வாங்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்று ஒரு அம்மா நேரடியாகக் கேட்டார். பையன் "அது உங்க விருப்பம் மேடம்" என்று ஒதுங்கினான். அந்த அம்மாவின் முகம் வாடியது, நியாயமும் அவர் பக்கம்தான். ஆலோசனை கேட்டவருக்கு ஆலோசனை தராமல் விடுவது மரியாதை ஆகாது. அதற்கு ஒரு பதில் முறை எழுதினோம்: முதலில் இரண்டு கேள்வி, பிறகு நேரான சிபாரிசு, கூடவே அதற்கான காரணம். "உங்க பிளாக்ல சமையலறைக்குப் போர் வருதா, கலந்து வருதாம்மா? இப்ப கேன் வாங்கறீங்களா? அப்ப உங்க தண்ணி 720, மாசாமாசம் கேன் செலவும் இருக்கு, உங்களுக்கு ஆர்.ஓ. சரியா இருக்கும். சின்ன மாடலே போதும், பெருசு வேண்டாம்." வாங்கச் சொல்வதால் மட்டும் ஒரு வாக்கியம் அழுத்தம் ஆகிவிடாது. கேட்டவருக்குச் சொன்னதா, கேட்காதவர் மேல் ஏற்றியதா என்பதுதான் வித்தியாசம்.

போட்டி டீலர்கள் இன்னும் அந்தப் பழுப்புத் தண்ணீரைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் "போன வாரம் ஒருத்தர் வந்து எங்க தண்ணியைச் சேறாக்கிக் காட்டினாரே?" என்று யாராவது கேட்டால், உப்புச் சிட்டிகைச் சோதனையை யாரையும் பெயர் சொல்லாமல் செய்து காட்டலாம் என்று வைத்தோம். பையன்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கேட்காவிட்டாலும் செய்யத் துடித்தார்கள். கேட்டால் மட்டும் என்று கறாராகச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தவர் தந்திரத்தை அம்பலப்படுத்துவதும் ஒருவகை விற்பனை உத்தியாகிவிடும்.

புது ஸ்கிரிப்ட்டில் அன்றன்றைக்கு எழுதப்பட்ட ஆர்டர் குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான், டீலரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்த வாரத்துக்குள் போன் செய்து வாங்கியவர்கள் வந்தார்கள், கேன்சல் வெகுவாகக் குறைந்ததாக அவர் சொன்னார். சிலர் யு.வி. மாடலை வாங்கினார்கள். அதில் லாபம் குறைவு, அந்த முணுமுணுப்பும் இருந்தது. கூட்டத்தில் வரும் கேள்விகள் மாறியது எனக்குத் தெளிவாகத் தெரிந்த அடையாளம். முன்பு "எவ்வளவு குறைப்பீங்க?" என்பதைத் தவிர வேறு கேள்வி வராது. இப்போது "எங்க மேல்தொட்டியைக் கழுவினா இந்த எண் குறையுமா?" என்றெல்லாம் கேட்டார்கள். குறையாது, தொட்டியைக் கழுவினால் சேறும் கிருமியும் குறையும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அந்தப் பதிலையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்துக்கொண்டோம்.

கமிஷன் முறையை மாற்றாமல் இது எதுவும் நிற்காது என்பது இரண்டாவது ஞாயிறே தெரிந்துவிட்டது. பையன்களுக்கு அன்றைய புக்கிங் எண்ணிக்கைக்குத்தான் பணம். அதனால் பேச்சு புது ஸ்கிரிப்ட்டில் நடந்தாலும், முடிந்ததும் லிஃப்ட் பக்கத்தில் நின்று பழைய பாணியில் "சார், எனக்காக ஒண்ணு போடுங்க" என்று கேட்டார்கள். மெஷின் பொருத்தி, சில நாள் ஓடிய பிறகு கமிஷனைக் கணக்கிடலாம் என்று டீலர் மாற்றினார். யு.வி. மாடலுக்கும் ஆர்.ஓ.வுக்கும் ஒரே தொகை கொடுக்கவேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த வித்தியாசம் இருக்கும்வரை, "500க்குக் கீழ இருந்தா வேண்டாம்" என்ற வரியைத்தான் பையன்கள் வேகமாக முழுங்கிவிட்டுப் போகிறார்கள்.